விடுதிச் சாப்பாடும் தேர்வுக் கால இரவும்: பிள்ளைகளின் எடை ஏன் மாறுகிறது?

எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் நம் பிள்ளைகளும் தங்கிப் படிக்கிறார்கள். செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வரும்போது சிலர் உப்பியிருப்பார்கள், சிலர் மெலிந்திருப்பார்கள். "மெஸ் சாப்பாடு சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் பெரும்பாலும் சிக்கல் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடிந்துவிடும். ஹலாலா என்ற சந்தேகத்தில் அசைவத்தை ஒதுக்கும் நம் பிள்ளைகள் பலர் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். புரதம் குறைந்த அந்தச் சாப்பாடு நெடுநேரம் தாங்காது. தேர்வுக்காக ஒரு மணி வரை விழித்திருப்பவருக்குப் பதினொரு மணிக்கே பசிக்கும். அப்போது கையில் கிடைப்பது நூடுல்ஸும் சர்க்கரை போட்ட டீயும்தான்.

தூக்கக் குறைவு இந்தப் பசியை இன்னும் தூண்டும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் குறைந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீது ஆசையும் அதிகரித்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்கெட் நூடுல்ஸும் ஒரு டீயும் சேர்ந்தால் ஏறக்குறைய 400 கலோரி. தினமும் அது கூடுதலாகச் சேர்ந்தால் 40 நாளில் 16,000 கலோரி, அதாவது சுமார் இரண்டு கிலோ. உடலுழைப்பைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். 165 செ.மீ. உயரமுள்ள ஒரு மாணவர் 61 கிலோ இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 22.4. 63 கிலோ ஆனால் 23-ஐத் தாண்டிவிடும். இந்தியர்களுக்கு 23-லிருந்தே கூடுதல் எடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலும் கவனம் தேவை.

சிலருக்குப் பதற்றத்தில் பசியே எடுக்காது. காலை உணவை விட்டு, டீயிலேயே நாளை ஓட்டுவார்கள். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால், தேர்வு பயம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடங்காத தாகம், விடாத இருமல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது ஆகியவையும் அப்படித்தான். சர்க்கரை நோய், காசநோய், தைராய்டு கோளாறு போன்றவை காரணமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. மெஸ்ஸில் அசைவம் வேண்டாமென்றால் பருப்பு, முட்டை, தயிர், சுண்டலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து முறுக்கும் மிக்சரும் கொடுத்தனுப்புவதற்குப் பதில் வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் அனுப்புங்கள். இரவுப் பசிக்கு அதில் ஒரு கைப்பிடியும் ஒரு வாழைப்பழமும் போதும். இஷா தொழுதபின் சீக்கிரம் உறங்கி, ஃபஜ்ருக்குப் பிறகு படிக்கும் பழக்கம் வந்தால் இரவுத் தீனிக்கு வேலையே இருக்காது, இன்ஷா அல்லாஹ்.