ஓலைத்தொடுவாய்க்குப் புள்ளி போன கதை

போன வருசம் ஒரு செயலியில முகவரி நிரப்பேக்க எங்கட ஊர்ப் பெயர் 'ஓலைத்தொடுவாய' என்று வந்து நின்றது. கடைசிப் புள்ளியைக் காணவில்லை. நான்தான் பிழையாக அடித்தேனாக்கும் என்று மூன்று தரம் அழித்து எழுதிப் பார்த்தேன். மூன்று தரமும் புள்ளி விழுந்தது. ஆங்கிலத்தில் அடித்தால் மட்டும் வடிவாக நின்றது.

காரணம் கணக்குத்தான். Olaithoduvai என்பது 12 எழுத்து, அந்தப் பெட்டியின் எல்லையும் 12. தமிழில் நாங்கள் ஓ, லை, த், தொ, டு, வா, ய் என்று 7 எழுத்தாக எண்ணுகிறோம். கணினி அப்படி எண்ணுவதில்லை. 1991இல் வந்த யுனிகோடில் 'லை' என்பது ல என்ற குறியும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'ய்' என்பதும் ய, புள்ளி என்று இரண்டு. இதைக் கேட்டுப் பார்க்கலாம்:

```
"ஓலைத்தொடுவாய்".length   // 13
```

பதின்மூன்றாவதாக நிற்பது புள்ளி. 12இல் வெட்டினால் அதுதான் போகும். 6இல் வெட்டினால் 'ஓலைத்த' என்று, தொகரம் கொம்பும் காலும் இழந்து நிற்கும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 1980களில் குறுஞ்செய்தியை வடிவமைத்தவர்கள் ஒரு செய்திக்கு 140 பைட் ஒதுக்கினார்கள். லத்தீன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழில் ஒரு குறிக்கு 16 பிட் வேணும், ஆகவே 70 குறிதான். எங்கட ஊர்ப் பெயரை இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் 13 தரம் அனுப்பலாம், தமிழில் 5 தரம். ஒரே காசுக்கு.

2000களின் தொடக்கத்தில் 'தமிழா!' குழு போன்ற தன்னார்வலர்கள் மொசில்லா, ஓப்பன்ஆபிஸ் போன்றவற்றைத் தமிழாக்கியபோது இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. மென்பொருளில் திரையில் தெரியும் சொற்கள் நிரலுக்குள் இருப்பதில்லை. தனிக் கோப்பில் துண்டு துண்டாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்க்காமல் அந்தத் துண்டுகளை மட்டும் பார்த்து எழுதுவார். அப்படி ஒரு துண்டு:

```
%1$s posted from %2$s
```

முதலாவது ஆளின் பெயர், இரண்டாவது ஊரின் பெயர். எண் போட்டிருப்பதால் தமிழுக்கு ஏற்ப வரிசையை மாற்றிக்கொள்ளலாம். எண் இல்லாமல் வெறும் %s இரண்டு இருந்தால், வரிசையை மாற்றியதும் ஊர் ஆளாகிவிடும்.

எண் இருந்தாலும் வேற்றுமை உருபு விடாது. `%2$s இலிருந்து` என்று எழுதினால் 'பேசாலை இலிருந்து' என்று வரும். பேசாலையிலிருந்து, மடுவிலிருந்து, மன்னாரிலிருந்து என்று ஒவ்வொரு ஊரும் தன் பாட்டில் சேர்கிறது. திருக்கேதீஸ்வரம் இன்னும் மோசம். மகரம் போய் 'திருக்கேதீஸ்வரத்திலிருந்து' என்று ஆகவேணும். ஒரு துண்டுக்குள் இதை அடக்க வழியில்லை. அனுபவப்பட்டவர்கள் வாக்கியத்தையே கைவிட்டு `%1$s · இடம்: %2$s` என்று எழுதுகிறார்கள். பெயர் எழுவாயாகவே நின்றால் உருபு தேவையில்லை. எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை, பழைய தபால் படிவத்திலும் 'இடம்:' என்றுதானே இருந்தது.

நீளத்துக்கு வருவோம். ஐபிஎம் நிறுவனத்தின் பழைய கணிப்பு ஒன்று இன்றும் பயன்படுகிறது: ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் இருக்கும் சொல்லுக்கு மொழிபெயர்ப்பில் இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் விடவேணும், 70 எழுத்துக்கு மேலான வரிக்கு 30 வீதம் கூட விட்டால் போதும். அதாவது பத்தி தாங்கும், பொத்தான்தான் தாங்காது. Save என்பதற்கு 'சேமி' சுகமாக அடங்கும். Settings என்பதற்கு 'அமைப்புகள்' வரும்போது பெட்டி பிதுங்கும். உயரமும் இருக்கிறது: 'கீ', 'கூ' மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு அளந்த வரியில் தலையோ காலோ வெட்டுப்படும். சிங்களத்துக்கும் அதே கதிதான். 1987இல் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் அரச கரும மொழி என்பதால், இந்த நாட்டில் ஒரே பொத்தான் மூன்று எழுத்தையும் தாங்கவேணும்.

மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் `en-XA` என்று ஒரு போலி மொழி உண்டு. ஆங்கிலச் சொற்களையே நீட்டி, எழுத்துகளுக்கு மேல் குறி போட்டு, இரு பக்கமும் அடைப்புக்குறி வைத்துக் காட்டும். வலப்பக்க அடைப்புக்குறி தெரியவில்லை என்றால் அந்த இடம் வெட்டுப்படுகிறது. குறி போடாத வெறும் ஆங்கிலம் தெரிந்தால் அந்தச் சொல் இன்னும் நிரலுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் இதற்குப் புள்ளி விழுவதும் தெரியாது, உருபும் தெரியாது. அதற்கு உண்மையான பெயர்களைத்தான் அடித்துப் பார்க்கவேணும்.

செயலி செய்யும் நண்பர்களுக்கு நான் இப்போது நாலு பெயர் கொடுக்கிறேன்: மடு, பேசாலை, திருக்கேதீஸ்வரம், ஓலைத்தொடுவாய். போன கிழமை ஒருவன் அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதில் திரை உடைந்துபோச்சு, நாலாவதில் புள்ளி நிற்குது என்று செய்தி அனுப்பினான்.