நிலக் கணக்கெடுப்பில் ‘விலகிய’ எண்கள்: நீக்குவதா, மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

சாதிவாரி நில உடைமையை ஆராயும் எவரும் இரண்டு எண்களை எதிர்கொள்வர்: பல பூச்சியங்கள், ஒரு மிகப் பெரிய மதிப்பு. இவற்றை எவ்வாறு கையாள்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

விளக்கத்திற்காக, பதினொரு குடும்பங்களின் நிலத்தைச் சென்ட் அளவில் கற்பனையாகக் கொள்வோம்: 0, 0, 0, 0, 10, 20, 30, 50, 80, 100, 2000. நிலமற்ற நால்வரும் தலித் குடும்பத்தினர். சராசரி 208 சென்ட்; ஆனால் நடுவிலுள்ள குடும்பத்திடம் இருப்பது 20 சென்ட் மட்டுமே. இவ்விடைவெளியே தரவு ஒருபுறம் சாய்ந்திருப்பதைக் காட்டுகிறது.

வழக்கமான கால்மான விதிப்படி முதல் கால்மானம் 0, மூன்றாம் கால்மானம் 80. இவற்றின் வேறுபாட்டை ஒன்றரை மடங்காக்கி 80உடன் கூட்டினால் எல்லை 200 ஆகும். 2000 அதற்கு வெளியே நிற்கிறது. அதை நீக்கினால் சராசரி 29 சென்ட்டாகச் சுருங்கி, ஏறத்தாழச் சமமானதோர் ஊர் தோன்றும். மொத்த நிலத்தில் 87 விழுக்காடு ஒரே குடும்பத்திடம் இருப்பது மறைந்துவிடும். ஆய்வின் கண்டுபிடிப்பே அதுதான். விதி ஒரு மதிப்பைச் சுட்டிக்காட்டலாம். அது பிழை என்று விதியால் கூற முடியாது. ஏக்கரும் சென்ட்டும் குழம்பியதா என்பதைப் பட்டா, சிட்டாவுடன் ஒப்பிட்டே அறிய வேண்டும். பிழை உறுதியானால் திருத்தலாம். இல்லையெனில் அம்மதிப்பு இருக்க வேண்டும்.

மடக்கை எடுத்துச் சாய்வைக் குறைப்பது மற்றொரு வழி. ஆனால் பூச்சியத்திற்கு மடக்கை இல்லை. கணினி அந்நான்கு குடும்பங்களையும் விட்டுவிட்டால், எஞ்சிய எழுவரின் பெருக்குச் சராசரி 65 சென்ட் என வரும். நிலமற்றோர் கணக்கிலேயே இரார். ஒவ்வொரு மதிப்புடனும் 1 கூட்டி மடக்கை எடுத்து, பின் மீட்டால், சென்ட்டில் கணக்கிடும்போது 13.5 சென்ட்டும், ஏக்கரில் கணக்கிடும்போது 61 சென்ட்டும் கிடைக்கும். அலகை மாற்றினால் விடை மாறும் முறையை நிலமற்றோர் குறித்த வாதத்திற்கு ஆதாரமாக்க இயலாது.

எனவே கேள்வியை இரண்டாகப் பிரிப்பதே நேர்மையானது. முதலில், ஒவ்வொரு சாதியிலும் நிலமற்றோர் எத்தனை பங்கு? அடுத்து, நிலமுள்ளோரிடையே பரவல் எப்படி? மடக்கை இரண்டாம் கேள்விக்கு மட்டும் பொருந்தும். இந்திய வேளாண் கணக்கெடுப்பு சாகுபடி செய்யப்படும் நில அலகுகளையே எண்ணுகிறது. நிலமற்ற குடும்பங்கள் அதில் இடம்பெறுவதில்லை. ஆகவே அதன் சராசரியைக் குடும்பங்களின் சராசரியாக வாசிப்பதும் இதே பிழையே.

எம்முடிவாயினும், அதற்கான விதியைக் கணக்கிடுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எத்தனை குடும்பங்கள் நீக்கப்பட்டன, அவை எச்சாதியினர், நீக்காவிடில் விடை என்ன ஆகும் என்பனவற்றை அறிக்கையிலேயே தர வேண்டும். நீக்கப்பட்டோர் ஒரே சாதியினராயின், அது வெறும் தரவுச் சீரமைப்பு அன்று.