இரண்டு படிகங்கள் ஒட்டிய இடம்

1989 ஆகஸ்ட் 25. வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்து போகிறது. பூமியிலிருந்து சுமார் 450 கோடி கிலோமீட்டர். அதிலிருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி ஏறக்குறைய 20 வாட். ஃபிரிட்ஜுக்குள்ள எரியிற பல்பு அளவுதான். அந்த ஒளிபுகாத் தூரத்தைக் கடந்து வரவே சிக்னலுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்து சேரும்போது அதில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் நாசாவுக்கு 70 மீட்டர் டிஷ் ஒன்று இருந்தது. அது மட்டும் போதாது என்று நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் இருக்கும் வி.எல்.ஏ. வானொலித் தொலைநோக்கியையும் கூட்டுச் சேர்த்தார்கள். தலா 25 மீட்டர் அகலமுள்ள 27 டிஷ்கள். மொத்தப் பரப்பைக் கூட்டினால் 130 மீட்டர் அகலமுள்ள ஒரே டிஷ்ஷுக்குச் சமம். ஒரு சிக்கல்: வாயேஜர் பேசிய 8.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கேட்கும் காது அந்த டிஷ்களுக்கு இல்லை. அதனால் புதிதாக ரிசீவர்கள் செய்து பொருத்தினார்கள். அந்த ரிசீவர்களின் முதல் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது அப்போது பத்து வயதுகூட முழுசாக ஆகாத ஒரு டிரான்சிஸ்டர். பெயர் ஹெம்ட். அதிக எலக்ட்ரான் இயக்கம் கொண்ட டிரான்சிஸ்டர் என்பது விரிவு.

அதற்கு ஓர் அண்ணன் உண்டு. ஹெட்டிரோஜங்ஷன் பைபோலார் டிரான்சிஸ்டர், சுருக்கமாக எச்.பி.டி. வயதில் 22 வருஷம் மூத்தவன், ஆனால் வேலைக்குச் சேர்ந்ததோ தம்பியோடுதான். ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கதை.

*

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் தபால் துறையின் தொலைத்தொடர்பு ஆய்வகம் இருந்தது. 1952இல் ஹெர்பர்ட் க்ரோமர் என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கோட்பாட்டு இயற்பியலாளர். கருவிகளைத் தொடுவது அவர் வேலையில்லை, யோசிப்பதுதான் வேலை. அன்றைய டிரான்சிஸ்டர்கள் குரலுக்குச் சரி, ரேடியோ அதிர்வெண்களுக்கு மந்தம். ஏன் மந்தம் என்று யோசித்துக்கொண்டே அவர் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குப் போனார். 1957இல் விடையை எழுதி வெளியிட்டார்.

விடையைப் புரிந்துகொள்ள ஒரு பைபோலார் டிரான்சிஸ்டருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கணும். எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று அடுக்குகள். எமிட்டரிலிருந்து எலக்ட்ரான்கள் மெல்லிய பேஸைத் தாண்டி கலெக்டருக்குப் போகின்றன. இது நமக்கு வேண்டிய போக்குவரத்து. ஆனால் அதே சந்திப்பில் எதிர்த்திசையில் இன்னொன்றும் நடக்கும்: பேஸில் இருக்கும் துளைகள் எமிட்டருக்குள் கசியும். இந்தக் கசிவு வீண். அது கூடினால் டிரான்சிஸ்டரின் பெருக்கம் போய்விடும்.

கசிவைக் குறைக்க ஒரே பொருளில் செய்த டிரான்சிஸ்டருக்கு ஒரே வழிதான். பேஸில் மாசு அணுக்களைக் கம்மியாகவும் எமிட்டரில் நூறு மடங்கு அதிகமாகவும் சேர்ப்பது. இங்கேதான் வேகம் அடிபடுகிறது. மாசு கம்மியென்றால் பேஸின் மின்தடை அதிகம். எலக்ட்ரான் சீக்கிரம் தாண்டணும் என்று பேஸை மெலிதாக்கினால் தடை இன்னும் ஏறும். சிக்னல் பக்கவாட்டில் அந்த மெல்லிய தகட்டின் வழியாக நுழையணும். மைக்ரோவேவ் அதிர்வெண்ணில் அந்தத் தடையும், பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே இருக்கும் மின்தேக்கமும் சேர்ந்து சிக்னலை வாசலிலேயே தின்றுவிடும். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் கிழிகிற பழைய வேட்டி மாதிரி.

க்ரோமர் சொன்னது: எமிட்டரை வேறு பொருளில் செய்யுங்கள். பேஸைவிட ஆற்றல் இடைவெளி அகலமான பொருளில். அப்போது துளைகளுக்கு முன்னால் கூடுதலாக ஒரு மேடு நிற்கும். எலக்ட்ரான்களுக்கு அந்த மேடு கிடையாது. மேட்டின் உயரம் வெறும் 0.2 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் துளைகளின் வெப்ப ஆற்றல் சுமார் 0.026. உயரம் அதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. ஏறிக் கடப்பவர்களின் எண்ணிக்கையோ அந்த விகிதத்தின் அடுக்குக்குறியாகக் குறையும். கணக்குப் போட்டால் கசிவு 2000 மடங்குக்கும் மேல் குறைகிறது.

இந்த 2000த்தை என்ன செய்வது என்பதில்தான் க்ரோமரின் சாமர்த்தியத்தை நான் பார்க்கிறேன். பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் பெருக்கம் ஏற்கெனவே தேவைக்கு இருக்கிறது. அதற்குப் பதிலாக அந்தச் சலுகையை பேஸுக்குச் செலவழிக்கலாம். எமிட்டரைவிட அதிகமாகவே பேஸில் மாசு சேர்க்கலாம். தடை விழும். எமிட்டரில் மாசைக் குறைத்தால் அங்கிருக்கும் மின்தேக்கமும் விழும். பாடப்புத்தக விதி அப்படியே தலைகீழ்.

அகல இடைவெளி எமிட்டர் என்ற எண்ணத்தை ஷாக்லி 1948லேயே தன் காப்புரிமை விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தார். அதை வைத்து என்ன செய்யலாம் என்று முழுசாகக் காட்டியவர் க்ரோமர். ஆனாலும் காகிதத்திலேயே கிடந்தது. இரண்டு வேறு படிகங்களை அணு அணுவாகப் பிசகில்லாமல் ஒட்டவைக்க அன்று யாருக்கும் தெரியாது. ஒட்டு சரியில்லையென்றால் அங்கே உண்டாகும் குறைகளில் எலக்ட்ரானும் துளையும் சந்தித்து மறைந்துவிடும். 1960களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் ஜான் ஆர்தரும் ஆல்ஃபிரெட் சோவும் மூலக்கூறு கற்றை முறையை வளர்த்தெடுத்த பிறகுதான் அடுக்குகளை நானோமீட்டர் துல்லியத்தில் வளர்க்க முடிந்தது. காலியம் ஆர்சனைடும் அலுமினியம் காலியம் ஆர்சனைடும் அணு இடைவெளியில் கிட்டத்தட்ட ஒன்று, வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இயற்கை கொடுத்த பரிசு என்றே சொல்லணும்.

*

இப்போ தம்பி கதை. 1978இல் பெல் ஆய்வகத்தில் டிங்கிள், ஸ்டார்மர், கோஸார்ட், வீக்மன் நால்வரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். எலக்ட்ரான்களைத் தருவது மாசு அணுக்கள். கொடுத்த பிறகு அவை மின்னேற்றத்தோடு அங்கேயே நின்று, போகிற வருகிற எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும். தேர் போகிற தெருவிலேயே கடை விரித்த மாதிரி. கடை இல்லாமல் கூட்டம் வராது, கடை இருந்தால் தேர் நகராது. அவர்கள் கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார்கள். மாசு முழுக்க அலுமினியம் கலந்த அடுக்கில். ஆற்றல் தாழ்வான சுத்தமான காலியம் ஆர்சனைடு அடுக்குக்குள் எலக்ட்ரான்கள் தானாகவே இறங்கிவிட்டன.

டோக்கியோ பக்கத்தில் ஃபுஜிட்சு ஆய்வகத்தில் தகாஷி மிமுரா இதைக் கவனித்தார். அவர் காலியம் ஆர்சனைடின் மேல் ஆக்ஸைடு பூசி டிரான்சிஸ்டர் செய்ய முயன்று சோர்ந்துபோயிருந்தவர். அந்தப் பரப்பில் எலக்ட்ரான்கள் சேரவே மாட்டேன் என்றன. இங்கேயோ இரண்டு படிகங்களின் எல்லையில் எலக்ட்ரான்கள் சும்மாவே குவிகின்றன! 1979இல் அவருக்குத் தோன்றியது எளிமையான விஷயம்: பெல் ஆட்கள் செய்தது போல் பல அடுக்குகள் வேண்டாம், ஒரே ஓர் எல்லை போதும், மேலே ஓர் உலோக கேட்டை வைத்து அந்த எலக்ட்ரான் தகட்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். படிகத்தை வளர்த்துத் தந்தவர் சகா சதோஷி ஹியாமிசு. 1980இல் ஹெம்ட் வெளியுலகுக்கு வந்தது.

எல்லைக்கும் மாசுக்கும் நடுவே மாசில்லாத சில நானோமீட்டர் இடைவெளி விடுவார்கள். அது இருந்தால் எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாக ஓடும். அறை வெப்பத்தில், மாசு சேர்த்த சாதாரண காலியம் ஆர்சனைடை ஒப்பிட்டால் இயக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குளிர்வித்தால்தான் ஆட்டம். படிகத்தின் அதிர்வு அடங்கிவிடும், மாசோ பக்கத்தில் இல்லை. திரவ நைட்ரஜன் குளிரில் பத்து மடங்குக்கும் மேல் ஏறும். வானியல்காரர்கள் முதலில் ஓடிவந்தது இதனால்தான். 1985இல் ஜப்பானின் நோபெயாமா 45 மீட்டர் தொலைநோக்கியில் ஹெம்ட் பெருக்கி ஏறியது. பிறகு செயற்கைக்கோள் டிவி. ரிசீவர் மொத்த இரைச்சல் பாதியானால், அதே தெளிவுக்குப் பாதிப் பரப்புள்ள டிஷ் போதும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற டிஷ் சின்னதானதற்குப் பின்னால் இந்தக் கணக்கு உண்டு.

குளிரில் ஒரு வினோதமும் வந்தது. அலுமினியம் அதிகமான அடுக்கில் மாசு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆழக்குழிகளாக மாறும். அறை வெப்பத்தில் ஒழுங்காக நடக்கிற டிரான்சிஸ்டர், இருட்டில் குளிர்வித்தால் கரன்ட் சரிந்து நிற்கும். லேசாக வெளிச்சம் காட்டினால் எழுந்துகொள்ளும். விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். குளிரில் வைத்துச் சோதிக்கும்போது இருட்டிலும் வெளிச்சத்திலும் கரன்ட் மாறுகிறதா என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். அதற்கு அக்கால வானொலிப் பெருக்கிகள் சிலவற்றில் செய்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உறைநிலை பெட்டிக்குள் சிப்புக்கு எதிரில் ஒரு எல்.இ.டி. வைத்துவிட்டார்கள். பிற்பாடு அலுமினியத்தைக் குறைத்தும், இண்டியம் பாஸ்பைடின் மேல் வேறு கலவைகளை வளர்த்தும் விளக்கை ஓய்வுபெற வைத்தார்கள்.

*

1980களில் அதே படிக வளர்ப்பு முறையால் எச்.பி.டி.யும் உருப்பெற்றது. அதற்கும் ஒரு நோய். பேஸில் சேர்த்த பெரிலியம், கரன்ட் ஓட ஓட மெல்ல எமிட்டருக்குள் நகர்ந்தது. நகர்ந்தால் பி-என் சந்திப்பு, க்ரோமர் சொன்ன மேட்டிலிருந்து விலகிவிடும். பழைய கசிவு திரும்பும். வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால், அதே கரன்டுக்கு அதிக பேஸ் வோல்டேஜ் கேட்கும், பெருக்கம் இறங்கும். இடத்தைவிட்டு லேசில் நகராத கார்பன் வந்த பிறகு அது தீர்ந்தது.

ரெண்டு பேருக்கும் வேலை ஏன் தனித்தனி? ஹெம்ட்டில் எலக்ட்ரான்கள் பரப்புக்கு அடியில் கிடையாக ஓடுகின்றன. அதி உயர் அதிர்வெண்ணில் இரைச்சல் மிகக் குறைவு, ஆனால் வேகம் கேட்டின் நீளத்தைப் பொறுத்தது. மைக்ரானில் கால் பங்கு, அதற்கும் கீழே என்று கோடு கிழிக்கணும். எச்.பி.டி.யில் எலக்ட்ரான்கள் செங்குத்தாக ஓடுகின்றன. வேகத்தைத் தீர்மானிக்கிற பேஸின் தடிமன் படிகம் வளரும்போதே அமைந்துவிடும், நுண்ணிய கோடு தேவையில்லை. பரப்பின் குறைகள் அதை அதிகம் தொடாததால் குறைந்த அதிர்வெண் இரைச்சல் கம்மி; அலை இயற்றிகளில் அந்த இரைச்சல்தான் அலையின் தூய்மையைக் கெடுக்கும். ஒரே சிறு பரப்பில் நிறைய கரன்டும் தரும். நேர் மின்னழுத்தம் ஒன்று போதும். வழக்கமான ஹெம்ட்டுக்கு கேட்டில் எதிர் மின்னழுத்தம் வேறு வேணும், பேட்டரியில் ஓடும் போனுக்கு அது தொல்லை.

அதனால் செல்போனின் பவர் பெருக்கி 1990களில் எச்.பி.டி. கைக்குப் போனது. அங்கே அதற்கு வேறொரு தலைவலி. பெரிய பெருக்கி என்றால் பல எமிட்டர் விரல்கள் பக்கத்தில் பக்கத்தில். நடுவிலுள்ள விரல் கொஞ்சம் கூடச் சூடானால் அதில் கரன்ட் கூடும், கூடினால் இன்னும் சூடு. ஒரு விரல் முழுக் கரன்டையும் இழுத்துக்கொள்ளும். காலியம் ஆர்சனைடு எச்.பி.டி.யில் சூடு ஏறினால் பெருக்கமும் இறங்கும். ஆகவே கலெக்டர் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போகும்போது வரைகோடு ஓரிடத்தில் திடீரென்று கீழே விழும். அந்த விழுச்சியைக் கண்டால், விரல்கள் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு விரலுக்கும் தொடரில் ஒரு சின்ன மின்தடையை வைத்து, அதிகமாக இழுப்பவனின் பங்கைக் குறைப்பார்கள்.

க்ரோமருக்கு நோபல் 2000இல் கிடைத்தது. கட்டுரை எழுதி 43 வருஷம். அப்போது அவருக்கு வயது 72.