பிரசாரணம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘சவ்வூடு பரவல்’ என்பதை நம் பதுளைப் பிள்ளைகள் ‘பிரசாரணம்’ என்று படிக்கிறார்கள். ‘விரிதல், பரவுதல்’ என்ற பொருளுடைய வடசொல் அது. ஐரோப்பியச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் ‘தள்ளுதல்’ எனப் பொருள்படும். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. மென்சவ்வைக் கடந்து, செறிவு கூடிய பக்கம் நீர் நுழைகிறது. அதைத் தடுக்கத் தேவையான அமுக்கமே பிரசாரண அமுக்கம்.

ஐதான கரைசலுக்கு அதைக் கணிக்கும் சூத்திரம் π = cRT. தேயிலைக் கொழுந்தின் மேல் யூரியா தெளிப்பதாக வைப்போம். லீற்றருக்கு 20 கிராம் யூரியா. மூலர்த் திணிவு 60. ஆகவே செறிவு லீற்றருக்கு 0.333 மூல். வெப்பநிலை 23 பாகை, அதாவது 296 கெல்வின்.

π = 0.333 × 0.0821 × 296 ≈ 8.1 வளிமண்டலம்

இலைக் கலச்சாற்றின் அமுக்கம் பொதுவாக 10 வளிமண்டலமோ அதற்கு மேலோ இருக்கும். ஆகவே முதலுரு சுருங்கும் அளவுக்குக் கலம் நீரை இழக்காது. 100 கிராம் கரைத்தால் ஏறத்தாழ 40 வளிமண்டலம். அந்தச் செறிவில் சூத்திரம் அண்ணளவானதே, ஆனாலும் விளைவில் ஐயமில்லை: நீர் வெளியேறி, முதலுரு சுவரைவிட்டுச் சுருங்கும், இலை விளிம்பு கருகும். உச்சி வெயிலில் துளி காயும்போது சரியான கரைசலும் செறிந்துவிடும். ஆகவே காலையிலோ மாலையிலோ தெளியுங்கள்.