டென்னிஸ் என்று பெயர் வைத்தால் பல் டாக்டர் ஆவாரா?



போன வாரம் என் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பெயரின் முதல் எழுத்துதான் ஒருவருக்கு அமையும் தொழிலைத் தீர்மானிக்கிறதாம். அமெரிக்காவில் டென்னிஸ் என்று பெயருள்ளவர்கள் அதிகமாக டென்டிஸ்ட் ஆகிறார்களாம், ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்களாம். "பெரியம்மா, பாப்பாவுக்கு 'டி'யில் ஆரம்பிக்கிற பெயராகப் பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தாள். பெயர் ராசி பார்ப்பவர் ஒருவருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

பயிற்சிப் பள்ளியில் உளவியல் ஒரு பாடமாக இருந்ததால் எனக்கு இந்தச் சங்கதியில் கொஞ்சம் ஆசை உண்டு. அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. உங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன்.

கதை பெல்ஜியத்தில் தொடங்குகிறது. லூவன் பல்கலைக்கழகத்தில் யோசெப் நுட்டின் என்றொரு உளவியலாளர். 1977-இல் காரில் போய்க்கொண்டிருந்தபோது, எதிரில் வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் தன் பெயரின் எழுத்துகள் இருந்தால் அது தனக்குப் பிடித்துப்போகிறது என்பதைக் கவனித்தார். நாமாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். அவர் அதைச் சோதித்துப் பார்த்தார்.

சோதனை செய்த விதம்தான் அழகு. உங்கள் பெயரில் உள்ள எழுத்து உங்களுக்குப் பிடிக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் பயனில்லை. எல்லோருக்கும் பிடித்த எழுத்துகள் சில உண்டு, யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத எழுத்துகளும் உண்டு. ஆகவே அவர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். எம்மா என்ற சிறுமி, டிர்க் என்ற சிறுவன் என்று நாமாக வைத்துக்கொள்வோம். எம்மாவின் பெயரெழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பெயரில் இல்லாத வேறோர் எழுத்தை வைத்து ஒரு பட்டியல். டிர்க்கின் பெயருக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல். இரண்டு பட்டியலையும் இருவரிடமும் கொடுத்து, யோசிக்காமல் பிடித்த எழுத்தைச் சொல்லச் சொன்னார். எம்மாவின் பட்டியல் டிர்க்குக்கு வெறும் எழுத்துக் குவியல். அதே பட்டியலில் எம்மா தன் எழுத்துகளை அதிகம் தேர்ந்தெடுத்தால், எழுத்தின் அழகு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அது அவளுடையது என்பதுதான் காரணம்.

முடிவு அப்படியே வந்தது. முதலில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம், பிறகு பல்கலைக்கழக மாணவியரிடம். பட்டியலில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா, கண்டுபிடித்தால் பணம் தருகிறேன் என்று சொல்லிக்கூடப் பார்த்தார். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தன் பெயரெழுத்து என்று தெரியாமலே பிடித்திருக்கிறது! 1985-இல் இதை வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து 12 ஐரோப்பிய மொழிகளில், பிடித்த 6 எழுத்துகளைக் குறியுங்கள் என்று கேட்டுப் பார்த்தபோதும் அதே போக்குதான். பின்னால் ஜப்பானில் ஹிரகானா எழுத்துகளிலும் கண்டார்கள். அங்கே தங்கள் பிறந்த தேதியின் எண்களும் பலருக்குப் பிடித்திருந்தன.

ஏன் இப்படி? ஆசிரியையாக எனக்கு முதலில் தோன்றிய காரணம், குழந்தை முதன்முதலில் எழுதக் கற்பது பெரும்பாலும் தன் பெயரைத்தான், அந்தச் சந்தோஷம் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்பது. இதையும் சோதித்திருக்கிறார்கள். பெல்ஜியம், ஹங்கேரி, தாய்லாந்து மூன்று நாடுகளில் 2, 4, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்து 1990-இல் வெளியிட்டார்கள். காரணம் அதுதான் என்றால், எழுதப் பழகிய புதிதில் விருப்பம் அதிகமாக இருந்து, வகுப்பு ஏற ஏறக் குறைய வேண்டும். அப்படி வரவில்லை. என் ஊகம் பொய்த்தது. நம்முடையது என்பதாலேயே பிடிக்கிறது என்ற நுட்டினின் விளக்கம்தான் நின்றது.

இதுவரை உறுதியான பகுதி. இனிதான் டென்னிஸ் வருகிறார்.

2002-இல் பெல்ஹாம் என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒரு பெரிய தாவு தாவினார்கள். எழுத்து பிடிக்கிறது என்றால், அந்த எழுத்தில் தொடங்கும் ஊரும் தொழிலும்கூடப் பிடிக்குமே என்றார்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கில் ஜெர்ரி, டென்னிஸ், வால்டர் மூன்று பெயர்களும் அடுத்தடுத்த இடங்களில், 39, 40, 41-இல் இருந்தன. அதாவது ஏறக்குறைய சம எண்ணிக்கை. பல் மருத்துவர்களைத் தேடினால் டென்னிஸ் 482, ஜெர்ரி 270, வால்டர் 257. பார்த்தவர் யாரும் அசந்துபோவார்கள். நானும் முதலில் படித்தபோது நம்பினேன்.

2011-இல் யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய கேள்வி கேட்டார். இந்த மூன்று பெயர்க்காரர்களுக்கும் வயது என்ன? பெயருக்கும் காலம் உண்டு. நம் ஊரில் குப்புசாமி என்றால் தாத்தா, தினேஷ் என்றால் பேரன் என்று சொல்லிவிடலாம் அல்லவா? வால்டர் அங்கே குப்புசாமி மாதிரி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைய வைத்த பெயர். டென்னிஸ் அதற்குப் பிந்தைய தலைமுறைப் பெயர். மொத்தத் தலைகள் சமம்தான். ஆனால் வால்டர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், டென்னிஸ்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள். அப்படியானால் எந்தத் தொழிலில் எண்ணினாலும் டென்னிஸ்தானே அதிகம் இருக்க வேண்டும்? வழக்கறிஞர்களை எண்ணிப் பார்த்தார். அங்கேயும் டென்னிஸ்களே தூக்கலாக இருந்தார்கள். ஆங்கிலத்தில் வழக்கறிஞருக்கு 'லாயர்' என்று பெயர். அதில் 'டி' எங்கே இருக்கிறது?

தன் பெயரின் முதல் எழுத்தே நிறுவனத்தின் முதல் எழுத்தாகவும் இருக்கும் இடத்தில் பலர் வேலை பார்க்கிறார்கள் என்று பெல்ஜியத்திலிருந்தே இன்னோர் ஆய்வு 2008-இல் வந்தது. அதையும் சைமன்சோன் விடவில்லை. அமெரிக்கத் தரவை எடுத்துப் பார்த்தால், முதல் மூன்று எழுத்துகளாவது ஒத்துப்போகிறவர்கள்தான் அந்தக் கணக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முருகன் ஸ்டோர்ஸில் முருகன் உட்கார்ந்திருப்பது 'மு' பிடித்ததாலா? கடையே அவருடையது! ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜியா என்ற பெண்கள் அதிகம் என்றும் சொன்னார்கள். அந்த மாநிலத்துப் பெற்றோர் அந்தப் பெயரை அதிகம் வைக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டாமா?

பெல்ஹாம் தரப்பினர் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை, புதிய தரவுகளோடு பதில் எழுதினார்கள். என் கணிப்பைக் கேட்டால், நுட்டின் எம்மாவுக்கு ஒரு டிர்க்கைச் சரியாகத் தேடி வைத்தார். டென்னிஸுக்கு வைத்த வால்டர் சரியான ஜோடி இல்லை.

தங்கை மகளுக்கு இதைத்தான் எழுதினேன். எழுத்துகளைக் காட்டிக் கேட்டால், பாப்பா வளர்ந்த பிறகு தன் பெயரெழுத்தைக் கொஞ்சம் கூடுதலாக விரும்புவாள். 'டி' வைத்தாலும் அப்படித்தான், 'க' வைத்தாலும் அப்படித்தான். டாக்டர் படிப்புக்கும் அதற்கும் தொடர்பு காட்டிய கணக்கு எதையும் நான் பார்க்கவில்லை. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள், அது எனக்குத் தெரியாத துறை.

விருப்பமுள்ளவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். நீங்கள் இதைப் படித்துவிட்டதால் உங்களை வைத்துச் செய்யக் கூடாது. பேரப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல், பிடித்த 6 எழுத்துகளை வேகமாக எழுதச் சொல்லுங்கள். அதே வயதுள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் எழுதி வாங்குங்கள். உங்கள் பிள்ளையின் பெயரெழுத்துகள் இரண்டு தாளிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டு தாளை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், தெருப் பிள்ளைகள் இருபது முப்பது பேரிடமாவது வாங்க வேண்டும். வாங்கியவர்கள் கமெண்டில் எழுதுங்கள், நான் கூட்டிப் பார்க்கிறேன்.