டொலர் மானியமும் ரூபாய்ச் சம்பளமும்: ஊவாவில் ஒரு பல்லாண்டு ஆய்வின் வரவுசெலவு

வெளிநாட்டு ஆய்வு மானியம் ஒரே நாணயத்தில் வந்தாலும் இரண்டு நாணயங்களில் செலவாகிறது. அளவுகருவி, உணரி, உதிரிப்பாகம் ஆகியவற்றின் விலையை டொலரோ யூரோவோ தீர்மானிக்கிறது. ஆய்வு உதவியாளரின் சம்பளமும் வாகன வாடகையும் மண் மாதிரி எடுப்போரின் நாட்கூலியும் ரூபாயில் போகின்றன. இவ்விரு வகைச் செலவுகளையும் விண்ணப்ப நாளின் மாற்று வீதத்தில் ரூபாயாக்கி ஒரே அட்டவணையில் எழுதுவது பல ஆய்வாளர்களின் வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2022 காட்டியது.

தெமோதரைத் தேயிலைச் சரிவுகளில் மண்ணரிப்பை அளக்கும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2021 இறுதியில் அதற்கு 60,000 டொலர் ஒதுக்கப்படுகிறது. அதில் 24,000 டொலர் கருவிகளுக்கு. அப்போது டொலர் சுமார் 200 ரூபாய். பணம் வந்தவுடன் முழுவதையும் மாற்றிவிட்டால் கருவிகளுக்கு 48 இலட்சம் ரூபாய் இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் மத்திய வங்கி ரூபாயின் மீதான பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் ஏறக்குறைய 360 ரூபாயானது. அதே 48 இலட்சத்துக்கு இப்போது 13,333 டொலர் பெறுமதியான கருவிகளே கிடைக்கும். வடிகாலில் பொருத்தும் நீரோட்டமானியை வாங்கினால் வண்டல் மாதிரி எடுக்கும் கருவிக்குப் பணம் இராது.

இழப்பு விலையோடு நிற்பதில்லை. ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. வடிகால் நீர் செம்மண் நிறமாகி ஓடும் அந்த மாதங்களில் கருவி நிலத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் ஓர் ஆண்டின் தரவு போய்விடும். 2022இல் வங்கிகளிடம் டொலர் இல்லாததால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆய்வுக் கருவிகளுக்குக் கடன் கடிதம் திறப்பது கடினமாயிற்று. உள்ளூர் முகவரிடம் ரூபாயில் வாங்க எண்ணியவரை வரியும் துரத்தியது. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. விலைமனுவின் செல்லுபடிக் காலம் பெறுகைக் குழு கூடுமுன் முடிந்துவிட்டால் முழு நடைமுறையையும் மீண்டும் தொடங்க நேரிடும். ஆகவே கருவிக்குரிய தொகையை ரூபாயாக்காமல் நிதியளிப்பவரிடமே விட்டுவைத்து, வெளிநாட்டு விற்பனையாளருக்கு நேரடியாகச் செலுத்தச் சொல்வதே பாதுகாப்பானது. இந்த ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். நெருக்கடி வந்த பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

சம்பளத்தின் கணக்கு வேறு. இரு உதவியாளருக்கு மாதம் 60,000 ரூபாய் வீதம் சம்பளம்; அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் பங்கு. ஆண்டுச் செலவு 16,56,000 ரூபாய். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 8,280 டொலர். டொலர் 360 ஆனதும் அதே சம்பளத்துக்கு 4,600 டொலர் போதும். ஆண்டுக்கு 3,680 டொலர் மிஞ்சுவது போலத் தோன்றும். அதைக் கருவிப் பற்றாக்குறைக்குத் திருப்பும் ஆசையும் எழும்.

அந்த மிச்சம் உதவியாளருக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் வாதம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாயிற்று. பதுளையிலிருந்து தெமோதரைக்குப் பேருந்தில் வந்து மாதிரி எடுக்கும் உதவியாளர் பழைய சம்பளத்தில் வாழ முடியாது. வேலையை விட்டுப் போவார். பயிற்சி பெற்ற கையோடு அளவீட்டின் தொடர்ச்சியும் போகும். சம்பளத்தை 90,000 ரூபாயாக உயர்த்தினால் ஆண்டுச் செலவு 24,84,000 ரூபாய், அதாவது 360 வீதத்தில் 6,900 டொலர். பின்னர் ரூபாய் வலுப்பெற்று, 2024இல் டொலர் 300 ரூபாயை அண்டியது. அந்த வீதத்தில் உயர்த்திய சம்பளத்தின் செலவு மறுபடியும் 8,280 டொலர். முதலாண்டு மிச்சத்தைக் கருவியில் கரைத்தவருக்கு மூன்றாமாண்டுச் சம்பளம் இடிக்கும். நாட்கூலியும் இதே போக்கில்தான் சென்றது: 2021இல் 1,000 ரூபாயாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆயிற்று.

எனவே வரவுசெலவுத் திட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் அது எந்த நாணயத்தில் செலவாகும் என்பதைக் குறித்து, ரூபாய் வரிகளுக்கு ஆறு மாதத் தேவையை மட்டுமே ஒவ்வொரு முறையும் மாற்றுவது நல்லது. டொலர் ஏறுமென்று காத்திருப்பதும் சூதே; 360இல் திட்டமிட்டு 300இல் மாற்றியவர் ஆறில் ஒரு பங்கை இழந்தார். வங்கி உண்மையில் தந்த வீதத்தை வரவுச் சீட்டோடு பதிந்து, அவற்றின் நிறையிட்ட சராசரியில் நிதியளிப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மாற்று இலாபத்தைத் திட்டத்துக்குள் பயன்படுத்தலாமா, திருப்பியனுப்ப வேண்டுமா என்பது நிதியளிப்பவருக்கு நிதியளிப்பவர் மாறுபடும். கையொப்பமிடுமுன் அதை எழுத்தில் கேட்டுப் பெறுவது முதன்மை ஆய்வாளரின் கடமை. பல்கலைக்கழக நிதியாளர் அதைத் தமக்காகக் கேட்பார் என்று அவர் இருந்துவிடலாகாது.