ஈடுபாடு–தெம்பு நாட்குறிப்பு

சொந்தத் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்தெந்த வேலையில் மனம் ஒன்றுகிறது, எது உடலையும் மனத்தையும் சோர வைக்கிறது என்பதைக் கண்டறிய இரண்டு வாரம் எழுதப்படும் வேலைப் பதிவு. அன்றாட வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஈடுபாட்டுக்கு ஒரு மதிப்பெண், தெம்புக்கு ஒரு மதிப்பெண் எனத் தனித்தனியே குறித்துவைப்பது இதன் அடிப்படை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்க்கை வடிவமைப்பு வகுப்பு நடத்திய பில் பர்னெட், டேவ் எவன்ஸ் இருவரும் 2016இல் வெளியிட்ட ‘டிசைனிங் யுவர் லைஃப்’ நூலின் வழியே இம்முறை பரவலானது. அவர்கள் இதை ‘குட் டைம் ஜர்னல்’ என்கிறார்கள். நூல் சற்று நீண்ட காலம் எழுதச் சொல்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுபவர்களுக்கு இரண்டு வாரம் நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்குள் வாரநாள், வாரஇறுதி இரண்டும் இருமுறை வந்துவிடுகின்றன.

நடந்ததை நடந்த சூட்டோடு பதிய வேண்டும் என்ற எண்ணம் இந்த நூலுக்கு முந்தையது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1970களில் ஆட்களிடம் பேஜர் கருவியைக் கொடுத்தனுப்பி, அது ஒலிக்கும் நேரத்தில் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதவைத்தார். டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் செல்லும் 909 பெண்கள் முந்தைய நாளைச் சிறு நிகழ்வுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பிட்டார்கள். இத்தகைய முறைகளுக்குத் தேவை ஏற்பட்டதற்குக் காரணம் எளியது. “உனக்கு என்ன வேலை பிடிக்கும்?” என்று பொதுவாகக் கேட்டால், மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் படத்திலிருந்து பதில் சொல்கிறார்கள். நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் அப்படிச் சொல்வது கடினம்.

பதிவதற்கு ஒரு நோட்டு போதும். பக்கத்தில் ஐந்து பத்தி: நேரம், செய்த வேலை, யாருடன் எங்கே, ஈடுபாடு, தெம்பு. ஈடுபாட்டுக்குச் சுழியத்திலிருந்து 5 வரை. தெம்புக்கு −3 முதல் +3 வரை. தெம்பில் கழித்தல் குறி இருப்பது அவசியம், ஏனென்றால் சில வேலைகள் நம்மிடம் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகும். மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை வேலை முடிந்ததும், படுக்கப் போகுமுன் என நாளுக்கு மூன்று முறை எழுதினால் ஐந்தாறு பதிவுகள் சேரும். மறுநாள் காலையில் மொத்தமாக எழுதிய பதிவு பெரும்பாலும் ஊகம்தான்.

முறை பொய்த்துப்போகும் இடம் பெரும்பாலும் இரண்டாம் பத்திதான். “ஆபீஸ் வேலை”, “மீட்டிங்” என்று எழுதினால் பயனில்லை. மீட்டிங்கில் பேசினோமா, கேட்டுக்கொண்டிருந்தோமா, சண்டையைத் தீர்த்துவைத்தோமா, கணக்குப் பார்த்தோமா என்பதுதான் தெரிய வேண்டும். சரியான பதிவில் ஒரு வினைச்சொல் இருக்கும்.

ஈடுபாடும் தெம்பும் பல நேரம் சேர்ந்தே ஏறி இறங்கும். அவை பிரியும் இடங்களில்தான் தகவல் அதிகம். முன்பின் தெரியாதவர்களுக்கு வகுப்பெடுப்பதில் மூழ்கிப்போகும் ஒருவர், முடிந்ததும் இரண்டு மணி நேரம் யாரிடமும் பேசாமல் கிடக்கலாம். ஈடுபாடு 5, தெம்பு −2. அந்த வேலையை அவர் வாரம் ஒருநாள் ரசிப்பார். நாள்தோறும் செய்யும் பிழைப்பாக்கினால் தாங்கமாட்டார். ஒரே மதிப்பெண் போட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

தொழில் தொடங்க நினைப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு, நூலில் உள்ளபடி எழுதுபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. நாட்குறிப்பு இப்போது செய்யும் வேலையை மட்டுமே அளக்கும். தொடங்கப்போகும் தொழிலின் வேலைகள் அதில் இருக்காது. ஆகவே முதல் வாரம் வழக்கமான நாட்களைப் பதிந்து, இரண்டாம் வாரத்தில் உத்தேசத் தொழிலின் வேலைகளைச் சிறு அளவில் உள்ளே கொண்டுவர வேண்டும்: வாங்குவது, செய்வது, விலை சொல்வது, விற்பது, பணம் வசூலிப்பது என எல்லாமே.

எடுத்துக்காட்டாக, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் தொழில் தொடங்க நினைக்கிறார் என்று கொள்வோம். அவர் கைமுறுக்கைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் புகழ்வார்கள். இரண்டாம் வாரத்தில் அக்கம்பக்கத்தில் ஐந்து கிலோ முறுக்குக்கு ஆர்டர் பிடிக்கிறார். முறுக்குச் சுற்றிப் பொரித்த முதல் அரைமணி நேரத்துக்கு ஈடுபாடு 4. மூன்றாம் ஈடு எண்ணெயில் விழும்போது 1, தெம்பு −2. போனில் ஆர்டர் எடுத்ததற்குத் தெம்பு +1. கொடுத்த சரக்குக்குக் காசு கேட்டு இரண்டு வீட்டுப் படியேறியதற்கு −3. ஆனால் மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு அடக்கவிலை போட்ட இரவில், மணி பதினொன்று ஆனது தெரியவில்லை: ஈடுபாடு 5, தெம்பு +2.

முதல் வாரத்தைத் திருப்பிப் பார்த்தால் கடையில் பில் பதிவதற்கு ஈடுபாடு 1. வெள்ளிக்கிழமை குடோன் இருப்புக்கும் பில்லுக்கும் இடையே 12 புடவை இடித்தபோது, அதைத் தேடிக் கண்டுபிடித்த மூன்று மணி நேரத்துக்கு 5. ஆக, இவருக்குக் கணக்கு பிடிக்கவில்லை என்பதும் சரியல்ல, பலகாரம் பிடிக்கும் என்பதும் முழுதாகச் சரியல்ல. பொருந்தாத எண்ணைத் துரத்திப் பிடிப்பதும் விலையைப் பிரித்துப் பார்ப்பதும்தான் இவரை இழுக்கின்றன. அடுப்படியில் வேறு கைகளை அமர்த்தி, கொள்முதலையும் விலையையும் தான் பார்க்கும் பலகாரத் தொழில் ஒரு வழி. சிறு கடைகளுக்கு இருப்புக் கணக்கு பார்த்துக்கொடுப்பது இன்னொரு வழி. வசூலுக்கு இரண்டிலுமே வேறு ஏற்பாடு வேண்டும். முன்பணம் வாங்குவது அதில் எளியது.

பதினான்காம் நாள் பதிவுகளை நாள்வாரியாகப் படிக்காமல், வினைவாரியாகப் பிரித்து வைத்துப் படிப்பார்கள். ஒரே ஒருமுறை வந்த வேலையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தூக்கமில்லாத நாள், காய்ச்சல் நாள், வீட்டில் சச்சரவு நடந்த நாள் ஆகியவற்றை ஓரத்தில் குறித்திருந்தால், அந்த நாட்களை ஒதுக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். பாராட்டு கிடைத்த பதிவுகளையும் அடையாளமிட வேண்டும். மேற்சொன்ன பெண்ணின் முறுக்குக்கு முதலில் விழுந்த 4, அடுப்பருகே நின்று ருசித்த தங்கையின் வார்த்தைக்கான மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். புதுமையும் அப்படியே ஏமாற்றும். ஒரு வேலைக்கு முதல்முறை கிடைத்த மதிப்பெண்ணைவிட மூன்றாம் முறை கிடைத்ததை நம்பலாம். எல்லா வரியிலும் 3, +1 என்றே இருந்தால், எழுதுபவர் வேலையை இன்னும் சிறு துண்டுகளாகப் பிரிக்கவில்லை என்று பொருள்.

பண்டிகைக் கால நெருக்கடி, மழைக்கால மந்தம், வரிக் கணக்கு போன்றவை பதினான்கு நாளுக்குள் அகப்படாது. அவற்றுக்கு, அதே தொழிலில் சில ஆண்டுகளாக இருப்பவர் ஒருவரின் நாள் எப்படிப் போகிறது என்று மணிவாரியாகக் கேட்டறிவதே வழி. சரக்கு விலைபோகுமா, முதல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இந்த நோட்டில் பதில் கிடையாது. அந்த இரண்டையும் தனியே சோதிக்காமல், மதிப்பெண்களை மட்டும் நம்பி மாதச் சம்பளத்தை விடுவது தவறு.